எல்லாம் ஒழுங்காக இருந்த கடைசி நிமிடம்

தஞ்சாவூர் ஐ.டி.ஐ. ஒன்றில் பத்தொன்பது வருடமாக ஃபிட்டர் பாடம் நடத்துகிறேன். பெயர் துரைக்கண்ணு. மாணவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் வேறு. அது சிவப்புப் பேனா சம்பந்தப்பட்டது. அவர்கள் அதை எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் அப்படியே நினைக்க விட்டிருக்கிறேன். ஒரு ஆசிரியனுக்கு இந்த அளவு மரியாதையாவது வேண்டாமா?

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை வருடத்துக்கு ஒருமுறை எங்காவது ஒரு தொழிற்சாலைக்கு அழைத்துப் போவோம். இந்த முறை பூதலூர் தாண்டி ஒரு நவீன அரிசி ஆலை. நெல் லாரியிலிருந்து இறங்குவது முதல் அரிசி மூட்டையில் தைக்கப்படுவது வரை பார்க்கலாம். நோட்டும் கையுமாகப் போக வேண்டும், எந்த இயந்திரத்தை எத்தனை மணிக்குப் பார்த்தோம் என்று நேரம் போட்டுக் குறிக்க வேண்டும் என்பது என் சட்டம். நேரம் போடச் சொன்னது பிள்ளைகள் தூங்காமல் இருக்கத்தான். வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் எனக்கு இல்லை.

அன்று அங்கே ஒரு விபத்து நடந்தது. நெல்லைச் சலித்துச் சுத்தம் செய்யும் இயந்திரத்தின் பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்த காளியம்மாள் என்ற பெண்ணின் வலது கை, ஓடும் பெல்ட்டில் பட்டுவிட்டது. மோதிர விரல் நகத்தோடு கிழிந்து நாலு தையல். விரல் தப்பியது பெரிய விஷயம். முதலுதவிப் பெட்டி பூட்டியிருந்தது, சாவி மேற்பார்வையாளர் குணசேகரனின் சட்டைப் பையில் இருந்தது, அவர் எங்களுக்குக் காபி சொல்லப் போயிருந்தார். கடைசியில் எங்கள் மாணவி ஒருத்தியின் துப்பட்டாவால் கையைச் சுற்றி, மில் வண்டியில் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம்.

இதுதான் எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த அம்மாளுக்காக மனசு கஷ்டப்பட்டது உண்மை. கூடவே, பாடத்திட்டத்தில் 'விபத்து அறிக்கை எழுதுதல்' என்று ஒரு பயிற்சி இருப்பதும், அதற்கு வருடா வருடம் நான் கற்பனையாக ஒரு விபத்தை ஜோடிக்க வேண்டியிருப்பதும் ஞாபகம் வந்தது. இந்த வருடம் ஜோடிக்க வேண்டாம். இப்படி ஒரு நினைப்பு வந்ததற்காக வெட்கப்பட வேண்டும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஆனால் மறுநாள் அதையேதான் செய்தேன்.

"நேத்து பாத்தத ரிப்போர்ட்டா எழுதுங்க. இது பயிற்சிக்குத்தான். மார்க்கு இருபது," என்றேன்.

இருபத்திரண்டு அறிக்கைகள் வந்தன. மேலே இருந்தது செம்மொழியுடையது. துப்பட்டா கொடுத்தவள் அவள்தான். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டிகளில் கோப்பை வாங்கிய பெண். அந்தக் கோப்பைகளின் பாதிப்பு முதல் வரியிலேயே தெரிந்தது. காவிரித் தாய் மடி சுரந்தாள். டெல்டா மண் பசுமைக் கம்பளம் விரித்தது. உழவர் பெருமக்கள் வியர்வை சிந்தினர். நெல் ஆலைக்கு வந்து சேரவே முதல் பக்கம் முடிந்துவிட்டது. காளியம்மாளின் விரல் இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு ரோஜா இதழைப் போலச் சிவந்தது. எத்தனை மணிக்கு என்று இல்லை. எந்தக் கை என்றும் இல்லை. கையெழுத்தும் இல்லை.

அவளை எழுப்பி நிறுத்தினேன்.

"ஏம்மா, காவிரிக்கும் அந்தம்மா வெரலுக்கும் என்ன சம்பந்தம்? ஆஸ்பத்திரியில டாக்டர் இதப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள காயம் தானா ஆறிடும்."

வகுப்பு சிரித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பலகையில் எழுதி விளாசினேன். முதலில் தேதி, நேரம், இடம், யார். அதற்குப் பிறகு நடந்தது, கடிகார வரிசைப்படி. எங்கிருந்து தொடங்குவது? காயம் பட்ட நொடியிலிருந்து தொடங்கக் கூடாது. எல்லாம் ஒழுங்காக இருந்த கடைசி நிமிடத்திலிருந்து தொடங்க வேண்டும், அங்கிருந்துதான் எது மாறியது என்று தெரியும். கண்ணால் பார்த்ததைத் தனியே, பிறர் சொன்னதை இன்னார் சொன்னது என்று தனியே. உடனே என்ன செய்தார்கள் என்பது கடைசியில். யார் மேல் தப்பு என்று எழுதவே கூடாது. அதை விசாரிப்பவர்கள் முடிவு செய்வார்கள். கீழே பெயர், கையெழுத்து.

"கையெழுத்து இல்லாத ரிப்போர்ட்டு வெறும் பேப்பர். எழுதுனவனே அதுக்குப் பக்கத்துல நிக்க மாட்டேங்கறான்னா வேற யாரு நிப்பா?" என்று ஒரு போடு போட்டேன். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நன்றாகத்தான் நடத்தினேன். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, அதுதான் பிறகு தொல்லையாகப் போயிற்று.

அன்று நான் பாராட்டியது பகலவனின் அறிக்கையை. அரைப் பக்கம்தான். 'காலை 11.12 மணிக்கு, ஆலையின் நெல் சுத்திகரிப்புப் பகுதியில், காளியம்மாள் என்ற பணியாளர் கவனக்குறைவாக ஓடும் பெல்ட்டில் கை வைத்தார்.' நறுக்கென்று இருந்தது. 'நன்று' என்று போட்டு வகுப்பில் படித்தும் காட்டினேன். மற்றவர்களை மறுபடி எழுதச் சொன்னேன்.

மறுநாள் மாலை, தேநீர் குடித்தபடி செம்மொழியின் இரண்டாவது அறிக்கையை எடுத்தேன். காவிரி வற்றியிருந்தது. ஒரே பக்கம்.

'10.40 மணி வரை சல்லடை இயந்திரத்தின் பெல்ட்டின் மேல் இரும்பு வலை மூடி, நான்கு போல்ட்டுகளுடன், இருந்த இடத்தில் இருந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

10.42: எங்கள் பயிற்றுநர் திரு. துரைக்கண்ணு, "பெல்ட்டு எப்படி ஓடுதுன்னு பசங்க பாக்கணும், அந்த மூடியக் கொஞ்சம் கழட்டுங்களேன்" என்று மேற்பார்வையாளர் திரு. குணசேகரனிடம் கேட்டார். அவர் சம்மதித்தார். இயந்திரம் நிறுத்தப்பட்டது. ஆலை ஃபிட்டர் திரு. இர்பான் மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார். ஸ்பானர் எங்கள் பயிற்றுநருடையது.

10.49: மூடி இல்லாமல் இயந்திரம் மீண்டும் ஓட்டிக் காட்டப்பட்டது.

10.56: திரு. இர்பானை பாய்லர் பக்கம் கூப்பிட்டார்கள், போனார். நாங்கள் அடுத்த இயந்திரத்துக்குப் போனோம். மூடி சுவரில் இருந்தது. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

11.10: காளியம்மாள் விளக்குமாற்றுடன் வந்தார். அதற்கு முன் நெல் காயும் களத்தில் வேலையாக இருந்ததாகவும், பார்வையாளர்கள் வந்திருப்பதால் உள்ளே கூட்டச் சொல்லி அனுப்பினார்கள் என்றும் பிறகு அவர் என்னிடம் சொன்னார்.

11.12: பெல்ட்டின் அடியில் கிடந்த வைக்கோல் தூசியைக் கையால் வழித்தார். வலது கை மோதிர விரல் பெல்ட்டுக்கும் அது ஓடும் சக்கரத்துக்கும் நடுவில் பட்டது...'

அதற்கு மேலும் இருந்தது. முதலுதவிப் பெட்டி, சாவி, காபி, துப்பட்டா எல்லாம் நேரத்தோடு. கீழே கையெழுத்து, கொட்டை எழுத்தில்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு தப்பு தேடினேன். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. அந்த ஸ்பானர் விஷயம் எனக்கு மறந்தே போயிருந்தது. பதினேழாம் நம்பர். இர்பான் தன்னுடையதைத் தேடப் போனபோது, "இந்தாங்க தம்பி, நேரமாகுது" என்று நானேதான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எப்போதும் பையில் ஸ்பானர் வைத்திருக்கும் ஃபிட்டர் என்று பிள்ளைகள் முன்னால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் அவளை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டேன்.

"நல்லா எழுதியிருக்க. ஆனா கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சிட்ட. 11.10லேர்ந்து ஆரம்பிச்சா போதும்."

அவள் யோசித்தாள். நடிப்பில்லை, உண்மையாகவே யோசித்தாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"11.10க்கு மூடி இல்லையே சார். எல்லாம் ஒழுங்கா இருந்தது 10.40 வரைக்குந்தானே?"

"பாக்கறவங்களுக்கு அவ்ளோ விவரம் வேணாம்மா."

"யார் பாக்கப் போறாங்க சார்? பயிற்சிக்குன்னுதானே சொன்னீங்க?"

வேறு கோணத்தில் போனேன். "பகலவன் பாரு, எவ்ளோ சுருக்கமா எழுதியிருக்கான்."

"அவன் கவனக்குறைவுன்னு எழுதியிருக்கான் சார். அது பாத்ததா, நெனச்சதா?"

அவள் என்னை மடக்கக் கேட்கவில்லை. தான் ஒருவேளை பாடத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று பயந்து கேட்டாள். "சரி போ, பாத்துக்கறேன்," என்று அனுப்பிவிட்டேன். மார்க்குப் போடவில்லை.

சாயங்காலம் குணசேகரன் போன் செய்தார்.

"சார், நல்லாருக்கீங்களா? பசங்களை ரிப்போர்ட்டு எழுத வெச்சீங்களாமே? எங்க இர்பான் பக்கத்து வீட்டுப் பையன் உங்க கிளாஸாம், சொன்னான். நல்லதா ஒண்ணு குடுங்க சார், ஃபைல்ல வெச்சுக்கறேன். நாங்க கவனக்குறைவுன்னுதான் எழுதியிருக்கோம். வெளிய இருந்து வந்த பசங்களும் அதையே எழுதியிருந்தா மொதலாளிக்கு ஒரு திருப்தி."

"அந்தம்மா எப்படி இருக்காங்க?"

"கை ஆறிடும் சார். ஆனா திரும்ப வேலைக்கு வேண்டாம்னு மொதலாளி சொல்லிட்டாரு. கவனம் இல்லாத ஆள வெச்சிக்கிட்டா நாளைக்கி இன்னொண்ணு ஆகும்கறாரு. எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு, பத்து வருச ஆளு."

சங்கடம் அவருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. இரண்டு பேருடைய சங்கடமும் சேர்ந்து அந்த அம்மாளுக்கு ஒரு நாள் வேலைகூட வாங்கித் தராது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே, "சனிக்கிழமை கொண்டு வரேன்," என்றேன்.

சனிக்கிழமை பைக்கில் போனேன். பையில் பகலவனின் அறிக்கை இருந்தது. செம்மொழியுடையதும் இருந்தது, அதை எடுத்து வைக்க மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டேன். வாய்க்கால் ஓர ரோடு முழுக்க எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டு போனேன். நான் கேட்டது உண்மைதான், ஆனால் கழற்றியது நான் இல்லை. கழற்றியதைத் திரும்ப மாட்டாதது அவர்கள் பொறுப்பு. பார்வையாளன் ஆயிரம் கேட்பான். ஓடும் பெல்ட்டில் யாராவது கை வைப்பார்களா? ஆலை வருவதற்குள் என்னை விடுதலை செய்துவிட்டேன்.

கேட்டுக்கு வெளியே, வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில் காளியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கையில் பெரிய கட்டு. மேற்பார்வையாளரைப் பார்க்கக் காலையிலிருந்து காத்திருக்கிறாளாம். உள்ளே விடவில்லை. பத்து வருடம் பூட்டு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனவளை.

என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"வாங்க சார். அன்னைக்கி புள்ளைங்கல்லாம் ரொம்ப பயந்துருச்சுங்களா? அந்தப் பொண்ணு துப்பட்டா வேற பாழாப் போச்சு."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. கை எப்படி இருக்கு?"

"வலி கொறஞ்சிருச்சு சார். என் தப்புதான். பாத்துக் கைய வெச்சிருக்கணும். ஆனா சார், பத்து வருசமா அந்த எடத்த நான்தான் கூட்டுறேன். அங்க மூடி இருக்கும். மூடியத் தடவிக்கிட்டே தூசிய வழிச்சிருவேன், கண்ணு வேற எங்கயாச்சும் இருக்கும். அன்னைக்கி கை போன எடத்துல மூடி இல்ல." கட்டுப் போட்ட கையை மறு கையால் தாங்கிக்கொண்டாள். "அத யாரு எதுக்குக் கழட்டுனாங்கன்னுதான் எனக்குப் புரியல. உங்களுக்குத் தெரியுமா சார்?"

"விசாரிக்கிறாங்கம்மா," என்றேன்.

சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போல இருந்தது. அவள் தலையாட்டி நம்பிக்கொண்டாள். ஐ.டி.ஐ. வாத்தியார் சொல்கிறார் அல்லவா?

அலுவலக அறையில் குணசேகரன் எழுந்து நின்று வரவேற்றார். காபி சொன்னார். இந்த முறை முதலுதவிப் பெட்டி பூட்டில்லாமல் சுவரில் தொங்குவதைப் பார்த்தேன். நான் பையில் கையை விட்டேன். இரண்டு காகிதமும் கையில் வந்தது. பகலவனுடையதை உள்ளேயே தள்ளிவிட்டேன்.

குணசேகரன் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார்.

"சார், இதுல நானும் இருக்கேன், நீங்களும் இருக்கீங்க."

"ஆமா. ரெண்டு பேரும் இருந்தோம்ல?"

"பயிற்சிக்குத்தானே எழுத வெச்சீங்க, இது..." காகிதத்தை மேசையில் வைத்து, அதைத் தொட விருப்பமில்லாதவர் போல விரலை எடுத்துக்கொண்டார். பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தப்பிக்க வழி தெரிந்த மனிதனின் தெளிவு. எனக்கு அது நன்றாகவே தெரியும், வழி நெடுக என் முகத்திலும் அதுதான் இருந்திருக்கும். "கழட்டச் சொன்னது நீங்கதானே சார்? அப்ப அந்தம்மா கவனக்குறைவுன்னு எப்படிச் சொல்றது? விருந்தாளி கேட்டாரு, மரியாதைக்குச் செஞ்சோம். மொதலாளிகிட்ட பேசறேன். ஆனா ஒரு பயிற்சிப் பேப்பர அவரு மதிக்க மாட்டாரு. உங்க ஐ.டி.ஐ.யிலேர்ந்து எழுத்துல ஒத்துக்கிட்டா, காளியம்மா வரட்டும்பாரு."

சொன்னபடியே நடந்தது. புதன்கிழமை, மூடியைக் கழற்றச் சொன்னது யார் என்று கேட்டு ஆலையிலிருந்து எங்கள் முதல்வருக்குக் கடிதம் வந்தது. முதல்வர் அனுராதா மேடம் அதிகம் பேச மாட்டார். கடிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"சாயங்காலத்துக்குள்ள எழுத்துப்பூர்வமா விளக்கம் குடுத்துடுங்க சார். அப்படியே அவங்களுக்கு அனுப்பிடறேன். என்ன நடந்ததுன்னு மட்டும் எழுதுங்க."

என்ன நடந்தது என்று எழுதுவது. அதைத்தானே வருடா வருடம் நடத்துகிறேன். மதிய இடைவேளையில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். நேரம் மட்டும் சரியாக வேண்டும் என்று, செம்மொழியை அவளுடைய நோட்டோடு வரச் சொன்னேன். அவள் வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். நான் நோட்டைப் புரட்டும்போது அவள் கண் என் காகிதத்தில் இருந்தது. நான் மறைக்கவில்லை; நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

"சார்," என்றாள்.

"என்ன?"

"மூடி ரெண்டாம் பக்கத்துலதான் வருது சார்."

குனிந்து பார்த்தேன். 'மதிப்பிற்குரிய அம்மா, கடந்த பத்தொன்பது ஆண்டுகளாக எவ்விதக் குறையுமின்றி இந்நிறுவனத்தில் பணியாற்றிவரும் நான்' என்று தொடங்கியிருந்தது. அடுத்த பத்தியில் நான் உருவாக்கிய மாணவர்கள் எங்கெங்கே வேலை பார்க்கிறார்கள் என்று இருந்தது. துபாய் வரை போயிருந்தேன். அதற்கடுத்து பாதுகாப்பின் அவசியம் குறித்து. இரண்டாம் பக்கத்தின் அடியில், 'மாணவர்களின் கல்வி நலன் கருதி மூடி அகற்றப்பட்டதாகத் தெரிகிறது' என்று ஒரு வரி. யாரால் என்று இல்லை. தெரிகிறதாம், எனக்கு!

அவளுக்குக் காவிரி என்றால் எனக்கு துபாய்.

சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை. கேட்டுக்கு வெளியே கட்டுப் போட்ட கையோடு நின்றவள் நினைவுக்கு வந்தாள். இந்த இரண்டு பக்கத்தை வைத்துக்கொண்டு அவளை யாரும் உள்ளே விட மாட்டார்கள். சிவப்புப் பேனாவை எடுத்து முதல் பத்தியை அடித்தேன். இரண்டாவதை அடித்தேன். மூன்றாவதை அடிக்கும்போது கொஞ்சம் வலித்தது, நல்ல வாக்கியங்கள் அவை. பிறகு புதுத் தாள் எடுத்து, தேதி, இடம், பெயர் போட்டு எழுதினேன்.

'காலை 10.40 வரை மூடி இருந்த இடத்தில் இருந்தது. 10.42க்கு அதைக் கழற்றச் சொன்னவன் நான். ஸ்பானர் என்னுடையது. மூடியைத் திரும்ப மாட்டும்படி நான் சொல்லவில்லை. கழற்றியபோது காளியம்மாள் அந்த இடத்தில் இல்லை. அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை.'

அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. பத்தொன்பது வருடம் அதில் எங்கேயும் வரவில்லை. தாளை அவளிடம் நீட்டினேன். வரிக்கு வரி நோட்டோடு ஒப்பிட்டு, மெதுவாகப் படித்தாள். நான் எழுந்து நின்று காத்திருந்தேன். ஏன் எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை.

"எல்லாம் சரியா இருக்கு சார்," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, "கையெழுத்து மட்டும் விட்டுட்டீங்க," என்றாள்.